0.2 ஆம்பியர், அரை மணி நேரம்: எவ்வளவு வாயு?

நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜன் இரண்டு பங்கும் ஆக்சிஜன் ஒரு பங்கும் கிடைக்கும் என்பது பள்ளியில் அறிவியல் படித்த எவருக்கும் நினைவிருக்கும். ஆனால், இவ்வளவு மின்னோட்டத்தை இவ்வளவு நேரம் செலுத்தினால் எந்த முனையில் எத்தனை மில்லிலிட்டர் வாயு வரும் என்று கேட்டால் பலரும் தயங்குவார்கள். அந்தக் கணக்கு பெரிதல்ல, நான்கு வரிகளில் முடிந்துவிடும். அதைச் செய்து பார்த்த பிறகு ஆய்வகத்தில் குழாயைப் படித்தால், கணக்கு சொன்ன அளவும் குழாய் காட்டும் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தேடும்போதுதான் இந்தச் சோதனையின் உள்ளே என்ன நடக்கிறது என்பது புரிய ஆரம்பிக்கிறது.

சோதனைக்கு வழக்கமாகப் பயன்படுவது ஹாஃப்மன் வோல்டாமீட்டர். ஜெர்மானிய வேதியியலாளர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் 19ஆம் நூற்றாண்டில் அறிமுகப்படுத்திய கருவி இது. மூன்று கண்ணாடிக் குழாய்கள் அடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டு குழாய்களிலும் மில்லிலிட்டர் கோடுகள் இருக்கும், உச்சியில் திருகு அடைப்பு இருக்கும். நடுக்குழாய் உயரமானது, அதன் தலையில் ஒரு கண்ணாடிக் குமிழ் திறந்தபடி இருக்கும். ஓரக் குழாய்களின் அடியில் ஆளுக்கொரு பிளாட்டினத் தகடு. நீர்த்த சல்பியூரிக் அமிலத்தை நடுக்குமிழ் வழியாக ஊற்றி, ஓரக் குழாய்கள் உச்சிவரை நிறைந்ததும் அடைப்பை மூடிவிட்டு மின்சாரத்தைத் தர வேண்டும். வாயு சேரச் சேர, ஓரக் குழாய்களிலிருந்து தள்ளப்படும் அமிலம் நடுக்குமிழுக்கு ஏறிவிடும்.

அமிலம் எதற்கு? தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். சல்பியூரிக் அமிலம் கரைந்ததும் ஹைட்ரஜன் அயனிகளும் சல்பேட் அயனிகளும் நிறையக் கிடைக்கின்றன. மின்னோட்டம் எளிதாகச் செல்கிறது. ஆனால் சோதனை முடியும்போது அமிலம் செலவாகியிருக்காது. எதிர்மின்முனையில் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறாகின்றன. நேர்மின்முனையை நோக்கிச் செல்லும் சல்பேட் அயனி அங்கே தன் எலக்ட்ரானை விடுவதில்லை. அதைவிட எளிதாக எலக்ட்ரானைத் தருவது நீர் மூலக்கூறுதான். இரண்டு நீர் மூலக்கூறுகள் நான்கு எலக்ட்ரான்களைத் தந்துவிட்டு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறையும் நான்கு ஹைட்ரஜன் அயனிகளையும் விட்டுச் செல்கின்றன. எதிர்மின்முனையில் செலவான ஹைட்ரஜன் அயனிகள் இங்கே திரும்பப் பிறந்துவிடுகின்றன. மொத்தத்தில் குறைந்தது நீர் மட்டும்.

எதிர்மின்முனை: 2H⁺ + 2e⁻ → H₂
நேர்மின்முனை: 2H₂O → O₂ + 4H⁺ + 4e⁻

ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு. இரண்டு முனைகளும் ஒரே சுற்றில் இருப்பதால் ஒரு முனையில் நுழையும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மறுமுனையில் வெளியேறும் எண்ணிக்கையும் சமம். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் காரணம் இதுவே.

இனி கணக்கு. மின்னோட்டம் 0.2 ஆம்பியர், நேரம் 30 நிமிடம், அதாவது 1,800 விநாடி. இரண்டையும் பெருக்கினால் 360 கூலூம் மின்னூட்டம். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலூம். இதைத்தான் ஃபாரடே மாறிலி என்கிறோம். 360ஐ அதனால் வகுத்தால் 0.00373 மோல் எலக்ட்ரான் சுற்றில் ஓடியிருக்கிறது. அதில் பாதி ஹைட்ரஜன்: 0.001866 மோல். கால் பங்கு ஆக்சிஜன்: 0.000933 மோல்.

மோலை மில்லிலிட்டராக மாற்றும் இடத்தில்தான் மாணவர்கள் அவசரப்படுகிறார்கள். ஒரு மோல் வாயுவின் கன அளவு 22.4 லிட்டர் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். அது 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் உண்மை. சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பிற்பகலில் வெப்பநிலை 30 டிகிரி இருக்கிறது என்று கொண்டால், அங்கே ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24.9 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அந்தக் கணக்கில் ஹைட்ரஜன் 46.4 மில்லிலிட்டர், ஆக்சிஜன் 23.2 மில்லிலிட்டர். பூஜ்ய டிகிரி எண்ணையே பயன்படுத்தியிருந்தால் ஹைட்ரஜன் 41.8 மில்லிலிட்டர் என்று வந்திருக்கும். பத்து சதவீதப் பிழை, சோதனையைத் தொடங்கும் முன்பே.

இந்த 70 மில்லிலிட்டர் வாயுவுக்காகச் செலவான நீர் எவ்வளவு தெரியுமா? சுமார் 34 மில்லிகிராம். சொட்டுக் குழாயிலிருந்து விழும் ஒரு முழுத் துளிகூட இல்லை. அரை மணி நேரம் குமிழ்கள் விடாமல் ஏறியும் அமிலத்தின் செறிவு மாறியதாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

கணக்கில் எங்கேயும் அமிலத்தின் செறிவு வரவில்லை, தகட்டின் பரப்பளவு வரவில்லை, மின்கலத்தின் வோல்ட் எத்தனை என்பதும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இவை எல்லாம் மின்னோட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், உண்மை. ஆனால் மின்னோட்டம் இவ்வளவுதான் என்று நிலைநிறுத்திவிட்டால், வாயுவின் அளவை முடிவு செய்வது மின்னோட்டமும் நேரமும் மட்டுமே. இதை முறையாக நிறுவியவர் மைக்கேல் ஃபாரடே. 1800ஆம் ஆண்டிலேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் வோல்டாவின் மின்னடுக்கைக் கொண்டு நீரைப் பிரித்துவிட்டார்கள். பித்தளைக் கம்பிகளை வைத்தபோது ஒரு கம்பியில் வாயு வந்தது, மற்றது துருவேறிக் கறுத்தது. பிளாட்டினத்துக்கு மாறிய பிறகுதான் இரண்டு முனையிலும் வாயு கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஃபாரடே எடுத்துக்கொண்ட கேள்வி வேறு: இந்த வாயுவைக் கொண்டே மின்சாரத்தை அளக்க முடியுமா? நீர்த்த சல்பியூரிக் அமிலம் கொண்ட பல கலங்களை அவர் ஒரே தொடராக இணைத்தார். ஒன்றில் அகலத் தகடு, ஒன்றில் மெல்லிய கம்பி; ஒன்றில் அமிலம் செறிவாக, ஒன்றில் நீர்த்து. ஒரே மின்னோட்டம் எல்லாவற்றிலும் ஓடியது, எல்லாவற்றிலும் ஒரே அளவு வாயு வந்தது. 1834இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கருவிக்கு வோல்டா-எலக்ட்ரோமீட்டர் என்று பெயரிட்டார். நாம் இன்று சொல்லும் வோல்டாமீட்டர் அதன் சுருக்கம்.

அவர் கண்ட இன்னொன்றும் இங்கே சொல்லத்தக்கது. இரண்டு வாயுக்களையும் ஒரே குழாயில் பிடித்தபோது, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வாயுவின் அளவு மெல்லக் குறைந்துகொண்டே போனது. கசிவு எங்கும் இல்லை. உள்ளே இருந்த பிளாட்டினத் தகடே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மறுபடி சேர்த்து நீராக்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாயுக்களையும் தனித்தனிக் குழாயில் பிடிக்கும் கருவியில் இந்தத் தொல்லை இல்லை. அளவுக்காகச் செய்யும் சோதனையில் ஹாஃப்மனின் அமைப்பை நான் விரும்புவதற்கு இதுவே முதல் காரணம்.

இப்போது குழாயைப் படிப்போம். நம் 46.4 மில்லிலிட்டர் உலர்ந்த ஹைட்ரஜனுக்கான எண். குழாயில் இருப்பதோ அமிலத்தின் மேல் நிற்கும் ஈர வாயு. 30 டிகிரியில் நீராவியின் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். குழாயின் 760 மில்லிமீட்டரில் 728 மட்டுமே ஹைட்ரஜனின் பங்கு. அதனால் வாயு கொஞ்சம் விரிந்து 48.4 மில்லிலிட்டராகத் தெரியும். ஆக்சிஜன் 24.2 ஆகும். இரண்டும் ஒரே விகிதத்தில் கூடுவதால் இரண்டுக்கு ஒன்று என்பது மாறாது.

அடுத்தது மாறும். தள்ளப்பட்ட அமிலம் நடுக்குமிழில் உயர்ந்து நிற்கிறது. ஹைட்ரஜன் குழாயில் அமில மட்டம் நன்றாகக் கீழிறங்கிவிட்டது, ஆக்சிஜன் குழாயில் அதில் பாதிதான். நடுக்குழாயின் மட்டம் ஹைட்ரஜன் குழாயைவிட 30 சென்டிமீட்டரும் ஆக்சிஜன் குழாயைவிட 10 சென்டிமீட்டரும் உயர்ந்திருக்கிறது என்று கொள்வோம். அமிலத்தூண் கொடுக்கும் கூடுதல் அழுத்தம் ஹைட்ரஜன் மீது சுமார் 23 மில்லிமீட்டர் பாதரசம், ஆக்சிஜன் மீது 8. இதையும் சேர்த்தால் ஹைட்ரஜன் 47.0, ஆக்சிஜன் 24.0 மில்லிலிட்டர். விகிதம் 1.96. எந்த வேதியியல் குறையும் இல்லாமல், கருவியின் உயரத்தால் மட்டுமே விகிதம் இரண்டுக்குக் கீழே போய்விட்டது.

ஆனால் புதிதாக அமிலம் ஊற்றிச் சோதனை செய்யும் மாணவர்கள் காண்பது பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசை. எடுத்துக்காட்டாக, குழாய்கள் 46.5, 22.5 என்று காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2.07. ஹைட்ரஜனில் அரை மில்லிலிட்டர் குறைவு, ஆக்சிஜனில் ஒன்றரை மில்லிலிட்டர் குறைவு. ஆக்சிஜன் எங்கே போயிற்று?

அமிலத்துக்குள்ளேயே இருக்கிறது. 30 டிகிரியில் 100 மில்லிலிட்டர் நீர் சுமார் 2.6 மில்லிலிட்டர் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் என்றால் 1.7 மில்லிலிட்டர். அமிலத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். ஆக்சிஜன் கூடுதலாகக் கரைகிறது. அதோடு அது குழாயில் சேரும் அளவே ஹைட்ரஜனில் பாதி என்பதால், ஒரே அளவு இழப்பும் ஆக்சிஜன் பக்கம் இரு மடங்காகத் தெரிகிறது. தீர்வு எளிது. முதலில் அடைப்புகளைத் திறந்து வைத்தபடியே பத்து, பதினைந்து நிமிடம் மின்சாரத்தை ஓடவிட வேண்டும். அமிலம் இரு வாயுக்களையும் வேண்டிய மட்டும் கரைத்துக்கொள்ளும். பிறகு அடைப்பை மூடி, அந்த விநாடியிலிருந்து நேரத்தை எண்ண வேண்டும்.

அதே அமிலத்தை மாற்றாமல் இரண்டாம் முறை செய்தபோது விகிதம் சரியாகிவிட்டால், கரைந்ததுதான் காரணம் என்று உறுதி. அப்படியும் ஆக்சிஜன் குறைவாகவே வந்தால் நேர்மின்முனையைச் சந்தேகிக்க வேண்டும். மிகச் சிறிய தகட்டில் மிக அதிக மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஆக்சிஜனின் ஒரு பகுதி ஓசோன் ஆகிறது. மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகள் சேர்ந்து இரண்டு ஓசோன் மூலக்கூறுகள் ஆவதால் கன அளவு சுருங்கும். அடைப்பைத் திறந்ததும் ஒரு கூர்மையான வாடை மூக்கில் ஏறும். பாசல் நகரில் ஷோன்பைன் 1839இல் நீரை மின்னாற்பகுக்கும்போது இந்த வாடையைக் கவனித்துத்தான் ஓசோனைக் கண்டறிந்தார். அமிலம் மிகச் செறிவாகவும் குளிர்ந்தும் இருந்தால் இன்னொரு வழியும் திறக்கிறது. ஒதுங்கி நின்ற சல்பேட் அயனிகளே எலக்ட்ரானை இழந்து, இரண்டிரண்டாகச் சேர்ந்து, பெர்டைசல்பேட் என்ற அயனியாகின்றன. அந்த வழியில் சென்ற மின்சாரம் வாயு தராது. ஒரு காலத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொழிற்சாலைகளில் தயாரித்தது இந்த வினையைக் கொண்டுதான். நமக்கு அது தேவையில்லை என்பதால் அமிலத்தை நன்கு நீர்க்க வைக்கிறோம். நீர்க்கும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்; நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

விலை கருதிப் பிளாட்டினத்துக்குப் பதில் பென்சில் கரியையோ பழைய பேட்டரியின் கார்பன் தண்டையோ வைப்பதுண்டு. ஹைட்ரஜன் பக்கம் அதனால் பெரிய தீங்கில்லை. நேர்மின்முனையில் பிறக்கும் ஆக்சிஜன் கார்பனைத் தாக்கி அதன் ஒரு பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும். தண்டு உதிர்ந்து அமிலத்தில் கரும்பொடி மிதக்கும். அந்தக் கரும்பொடியைப் பார்த்தாலே ஆக்சிஜன் அளவை நம்பக்கூடாது என்று தெரிந்துவிடும். செம்புக் கம்பி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். நேர்மின்முனையில் செம்பே கரையும், திரவம் நீலமாகும், ஆக்சிஜன் கிட்டத்தட்ட வராது. எந்த முனை எப்படியிருந்தாலும் ஹைட்ரஜன் கணக்கோடு ஓரளவு ஒத்துப்போகும் என்பதால், மின்னூட்டத்தை மதிப்பிட ஹைட்ரஜன் குழாயையே நம்புவது நல்லது.

இரண்டு வாயுக்களும் ஒரே விகிதத்தில் குறைந்தோ கூடியோ வந்தால், தவறு வேதியியலில் இல்லை, மின்னோட்ட அளவில் இருக்கிறது. சோதனை நடக்கும்போது அமிலம் சற்றுச் சூடாகும், அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் ஏறும். தொடக்கத்தில் 0.20 காட்டிய அம்மீட்டர் முடிவில் 0.22 காட்டலாம். தொடரில் ஒரு மாறுமின்தடையை வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். வாயுவை அளப்பதில் இத்தனை திருத்தங்கள் இருக்க, வெள்ளிப் படிவையோ தராசில் வைத்தால் போதும். 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஆம்பியருக்குச் செயல்முறை அளவாக எடுத்துக்கொண்டது, வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து விநாடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டத்தை.

இதே சோதனை பல வீடுகளின் மூலையில் நடந்துகொண்டிருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருப்பதும் நீர்த்த சல்பியூரிக் அமிலம்தான். முனைகள் மட்டும் பிளாட்டினம் அல்ல, ஈயமும் ஈய டை ஆக்சைடும். சார்ஜ் ஏறும்போது மின்சாரம் முதலில் தகடுகளில் உள்ள ஈய சல்பேட்டை மாற்றுவதில் செலவாகும். தகடுகள் நிறையத் தொடங்கி, 12 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது, மிஞ்சும் மின்சாரம் நீரைப் பிரிக்கத் தொடங்குகிறது. மூடியைத் திறந்தால் கேட்கும் மெல்லிய கொதிப்புச் சத்தம் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறும் சத்தம். குறைவது நீர் மட்டும் என்பதால்தான் மெக்கானிக் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறார், ஆசிட் ஊற்றுவதில்லை.

கணக்கு முன்பு செய்ததுதான். சார்ஜர் கோளாறால், நிறைந்துவிட்ட பேட்டரிக்கு 2 ஆம்பியர் மின்னோட்டம் இரவு பத்து மணி நேரம் தொடர்ந்து போனது என்று கொள்வோம். 72,000 கூலூம். வகுத்தால் 0.746 மோல் எலக்ட்ரான், அதில் பாதி 0.373 மோல் ஹைட்ரஜன். பேட்டரியில் ஆறு செல்கள் தொடராக இருக்கின்றன; அதே மின்னோட்டம் ஆறிலும் ஓடுகிறது, ஆறிலும் தனித்தனியே அதே அளவு வாயு பிறக்கிறது. ஃபாரடே தொடரில் இணைத்த கலங்களைப் போலவே. ஆக 2.24 மோல் ஹைட்ரஜன், 30 டிகிரியில் ஏறக்குறைய 56 லிட்டர். ஆக்சிஜன் 28 லிட்டர். குறைந்த நீர் சுமார் 40 கிராம்.

காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு தீப்பொறி அதைப் பற்றவைக்கப் போதும். ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள மர அலமாரிக்குள் பேட்டரியை வைத்துக் கதவை இறுக மூடியிருந்தால், 56 லிட்டரும் உள்ளேயே தங்கினால், அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஹைட்ரஜன் காற்றைவிடப் பல மடங்கு லேசானது, மேலே ஏறி உச்சியில்தான் முதலில் சேரும். எனவே அலமாரிக்குக் காற்றுத் துளை இடுவோர் கீழே ஒரு வரிசை இட்டால், உச்சிப் பலகையை ஒட்டியும் ஒரு வரிசை இட வேண்டும்.